விவாகரத்து ஆகாமலே கணவர் இன்னொரு கல்யாணம் செய்துவிட்டார்: முதல் மனைவி எங்கிருந்து தொடங்குவது?

குடும்ப நீதிமன்ற வராந்தாவில் நிற்கும் எந்த வக்கீலையும் கேட்டுப் பாருங்கள். மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது இந்தக் கேள்வியோடு வந்திருப்பார்கள். கையில் ஒரு துணிப்பை, அதற்குள் பழைய கல்யாணப் பத்திரிகை, மடித்து மடித்துக் கிழியப்போகிற குடும்ப அட்டை நகல். உட்கார்ந்ததும் முதல் கேள்வி: "அவர் வேற கல்யாணம் பண்ணிட்டாரு. இப்ப நான் யாரு சார்?"

நீங்கள் மனைவிதான். நேற்று எப்படியோ இன்றும் அப்படியே. இந்து திருமணச் சட்டம், 1955-இன் 5ஆம் பிரிவு, திருமணத்தின்போது இருவருக்கும் உயிரோடு இருக்கிற வேறு துணை இருக்கக் கூடாது என்கிறது. அதை மீறி நடந்த திருமணம் 11ஆம் பிரிவின்படி செல்லாது. பின்னால் நீதிமன்றம் ரத்து செய்தால்தான் செல்லாமல் போகும் என்று நினைக்க வேண்டாம். தாலி கட்டிய அந்த நொடியிலிருந்தே அது செல்லாத திருமணம். கோயிலில் நடந்தாலும், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தாலும், நீங்களே "சம்மதம்" என்று எழுதிக் கொடுத்திருந்தாலும் நிலைமை மாறாது. சம்மதக் கடிதம் வாங்கி வைத்திருக்கிறேன் என்று தைரியமாகச் சொல்லும் கணவர்கள் உண்டு. அந்தக் காகிதத்துக்கு இந்த விஷயத்தில் மதிப்பில்லை.

இதற்குத் தண்டனையும் உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 494, ஏழு வருடம் வரை சிறை என்கிறது. ஆனால் இந்தக் கட்டுரை அதைப் பற்றியது அல்ல. குற்ற வழக்கில் இரண்டாவது திருமணச் சடங்கு முறைப்படி நடந்தது என்பதைக் கறாராக நிரூபிக்க வேண்டும். அதற்குச் சாட்சி கிடைக்காமல் விடுதலையாகும் வழக்குகள் ஏராளம். அப்படி விடுதலையாகிவிட்டால் தன் உரிமையும் போய்விட்டது என்று பல பெண்கள் நினைத்துக்கொள்கிறார்கள். போகவில்லை. ஜீவனாம்சம், வீடு, சொத்து, பென்ஷன் எல்லாம் தனி வழி. தமிழ்நாட்டில் இந்து முறையில் நடந்த திருமணத்தை வைத்து அந்த வழியைச் சொல்கிறேன்.

முதலில், உங்கள் திருமணம் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள்

கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் முதல் வேலை இதுதான். உங்களுக்குத் தெரியாமலே கணவர் விவாகரத்து வழக்குப் போட்டு, சம்மனைப் பழைய முகவரிக்கு அனுப்பி, "எதிர்மனுதாரர் வரவில்லை" என்று ஒருதலைபட்சத் தீர்ப்பு வாங்கியிருக்கலாம். வக்கீல்கள் பேச்சில் இது எக்ஸ்பார்ட்டி. அப்படி ஒரு தீர்ப்பு இருந்தால் கதையே வேறு. அது நிற்கும்வரை அவருடைய மறுமணத்தைச் செல்லாது என்று சொல்ல முடியாது.

services.ecourts.gov.in தளத்தில் மாநிலம், மாவட்டம், நீதிமன்றம் தேர்ந்தெடுத்து, கட்சிக்காரர் பெயர் போட்டுத் தேடலாம். அவர் பெயரை இரண்டு மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் தேடிப் பாருங்கள். நீங்கள் சேர்ந்து வாழ்ந்த ஊர், கல்யாணம் நடந்த ஊர், நீங்கள் இப்போது இருக்கும் ஊர் என எல்லா ஊர் நீதிமன்றத்திலும் பார்க்க வேண்டும். தீர்ப்பு ஏதாவது கண்ணில் பட்டால் அதைத் தள்ளுபடி செய்ய மனுப் போடலாம். அதற்குத் தீர்ப்புத் தேதியிலிருந்து 30 நாள். சம்மன் உங்களுக்கு முறையாக வந்து சேரவே இல்லை என்றால் உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து 30 நாள். அதனால் தெரியவந்த அன்றே தேதியைக் குறித்து வையுங்கள். இந்த ஒரு தேதிக்காகப் பின்னால் நிறைய வாதாட வேண்டியிருக்கும்.

இதற்கு நேர் எதிரானது முத்திரைத்தாள். பஞ்சாயத்தில் உட்கார்ந்து, இருவரும் கையெழுத்துப் போட்டு, "இனி ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லை" என்று எழுதிய விடுதலைப் பத்திரம் விவாகரத்து ஆகாது. நோட்டரி சீல் குத்தியிருந்தாலும் ஆகாது. ஒரே விலக்கு, வழக்காற்று மணமுறிவு. சில சமூகங்களில் அறுத்துக் கட்டும் வழக்கம் நெடுங்காலமாக இருந்தால் இந்து திருமணச் சட்டத்தின் 29ஆம் பிரிவு அதை ஏற்கிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் தங்கள் சமூகத்தில் உண்டு, அதன்படியே முறித்தோம் என்று நிரூபிக்கும் பாரம் அதைச் சொல்பவர் தலையில். நடைமுறையில் பெரும்பாலானவர்களால் அது முடிவதில்லை.

அப்புறம் காகிதம் சேர்ப்பது

இரண்டு கட்டு வேண்டும். ஒன்று உங்கள் திருமணத்துக்கு, இன்னொன்று அவருடைய இரண்டாவது ஏற்பாட்டுக்கு.

உங்கள் திருமணம் பதிவாகியிருந்தால் சான்றிதழின் நகல் போதும். தமிழ்நாட்டில் 2009ஆம் வருடச் சட்டம் வந்த பிறகு பதிவு கட்டாயம். ஆனாலும் பதியாததால் மட்டும் ஒரு திருமணம் செல்லாமல் போவதில்லை. பதிவு இல்லையென்றால் பத்திரிகை, தாலி கட்டும் படம், கோயில் அல்லது மண்டப ரசீது, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பழைய குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல், அவர் அரசு வேலையில் இருந்தால் பணிப்பதிவேட்டில் உள்ள குடும்ப விவரம் இவையெல்லாம் சேர்ந்து பேசும். சுயமரியாதைத் திருமணம் என்றாலும் கவலையில்லை. 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 7-ஏ பிரிவு அதைச் செல்லும் என்கிறது. புரோகிதர் வேண்டியதில்லை. மாலை மாற்றியதையோ மோதிரம் போட்டதையோ தாலி கட்டியதையோ பார்த்த உறவினர், நண்பர் சாட்சி சொன்னால் போதும்.

மற்ற கட்டு கொஞ்சம் கஷ்டம். இரண்டாவது திருமணப் பதிவு, அந்தப் பெண்ணுக்குப் பிறந்த குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர், பள்ளிச் சேர்க்கை, சேர்ந்து வாங்கிய சொத்தின் கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்றிதழ். சமூக ஊடகப் படங்கள் இருந்தால், தெரிகிற தேதியோடு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுத்த போனையும் அழிக்காமல் வைத்திருங்கள். வெறும் அச்சுப்பிரதியைக் காட்டினால் மின்னணுச் சான்றுக்கு உரிய சான்றிதழ் எங்கே என்று எதிர்த்தரப்பு கேட்கும்.

ஜீவனாம்சத்தை முதலில் போடுங்கள்

பலர் உடனே "அந்தக் கல்யாணம் செல்லாது" என்று வழக்குப் போட ஓடுகிறார்கள். என் கணக்கில் முதல் மனு ஜீவனாம்சம்தான். வழக்கு நடத்தவே சாப்பாடு வேண்டுமே.

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவில், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125இல், மனுப் போடலாம். கணவர் இன்னொரு பெண்ணை மணந்தாலோ வைத்திருந்தாலோ, மனைவி அவரோடு வாழ மறுப்பதற்கு அது நியாயமான காரணம் என்று சட்டமே சொல்கிறது. "அவள்தான் வீட்டை விட்டுப் போனாள்" என்ற வழக்கமான பதில் இங்கே எடுபடாது. இரண்டாவது திருமணம் முறைப்படி நடந்ததா என்ற கறாரான நிரூபணமும் இங்கே வேண்டியதில்லை. சேர்ந்து வாழ்கிறார் என்று காட்டினாலே போதும். நீங்கள் இப்போது இருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். அவர் ஊருக்கு அலைய வேண்டாம்.

மனுவோடு இடைக்கால ஜீவனாம்சமும் கேளுங்கள். 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், இருவரும் வருமானம், சொத்து, கடன் விவரத்தை உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றும், மனுப் போட்ட தேதியிலிருந்தே தொகை தர வேண்டும் என்றும் சொன்னது. அவருடைய பத்திரத்தை வரிக்கு வரி படியுங்கள். இரண்டாவது வீட்டுக்குக் கட்டும் வாடகையோ இஎம்ஐயோ சில நேரம் அவர் கையாலேயே எழுதப்பட்டிருக்கும். உத்தரவு கிடைத்து அவர் பணம் கட்டாவிட்டால், ஒவ்வொரு நிலுவைக்கும் அது வரவேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வசூல் மனுப் போட்டாக வேண்டும். பாவம் பார்த்து இரண்டு வருடம் சும்மா இருந்தால் இந்தப் பிரிவில் பழைய தொகையை வசூலிக்க முடியாது.

இதைத் தவிர, இந்து தத்து மற்றும் ஜீவனாம்சச் சட்டம், 1956-இன் 18ஆம் பிரிவில் தனியாக வசித்தபடியே ஜீவனாம்சம் கேட்டு உரிமையியல் வழக்கும் போடலாம். இதில் ஒரு நன்மை உண்டு. அவருடைய குறிப்பிட்ட வீடு அல்லது நிலத்தின் மேல் அந்தத் தொகைக்கு சார்ஜ், அதாவது சொத்தின் மேல் ஒரு பொறுப்பு, ஏற்படுத்தும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். தீர்ப்பில் சார்ஜ் வந்துவிட்டால் அதைப் பதிவு செய்து வில்லங்கத்தில் ஏற்றிவிடுங்கள். பிறகு அவர் அந்த வீட்டை இரண்டாவது பெண் பெயருக்கு எழுதி வைத்தாலும் உங்கள் ஜீவனாம்சம் அந்தச் சொத்தைத் தொடரும். வெறும் தொகைக்கு மட்டும் தீர்ப்பு வாங்கி வைத்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. மனுவின் பரிகாரப் பத்தியில் ஒரு வரி சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

வீட்டை விட்டு வெளியேற்றப் பார்க்கிறார்கள் என்றால் குடும்ப வன்முறைச் சட்டம், 2005 இருக்கிறது. வீடு அவர் பெயரிலோ மாமியார் பெயரிலோ இருந்தாலும், நீங்கள் குடும்பமாக வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமை உண்டு. அதற்கு நீதித்துறை நடுவரிடம் நேரடியாகவோ, மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர் வழியாகவோ மனுப் போடலாம்.

"அந்தத் திருமணம் செல்லாது" என்ற வழக்கு

இங்கே ஒரு நுணுக்கம். இந்து திருமணச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் மனுப் போடும் உரிமை அந்தச் செல்லாத திருமணத்தின் இருவருக்கு மட்டும்தான். அதாவது கணவருக்கும் இரண்டாவது பெண்ணுக்கும். முதல் மனைவி அந்தப் பிரிவில் வர முடியாது. தெரியாமல் போட்டு, வருடக்கணக்கில் இழுத்து, கடைசியில் "மனு நிலைக்கத்தக்கதல்ல" என்று தள்ளுபடியான வழக்குகள் உண்டு.

முதல் மனைவிக்கான வழி, குறிப்பிட்ட பரிகாரச் சட்டம், 1963-இன் 34ஆம் பிரிவில் விளம்புகை வழக்கு. அவருடைய சட்டப்படியான மனைவி நான்தான், இன்ன தேதியில் நடந்த திருமணம் செல்லாது என்று அறிவிக்கக் கேட்பது. குடும்ப நீதிமன்றம் உள்ள இடத்தில் அங்கேயே போட வேண்டும். இல்லாத ஊரில் உரிய உரிமையியல் நீதிமன்றம். கணவரை மட்டுமல்லாமல் அந்தப் பெண்ணையும் பிரதிவாதியாகச் சேருங்கள். சேர்க்காவிட்டால் தீர்ப்பு தன்னைக் கட்டுப்படுத்தாது என்று அவர் பிறகு சொல்வார். வெறும் அறிவிப்போடு நிறுத்தவும் வேண்டாம். கேட்க முடிந்த அடுத்த பரிகாரத்தைக் கேட்காமல் அறிவிப்பை மட்டும் கேட்டால் நீதிமன்றம் தரக்கூடாது என்று அதே பிரிவு சொல்கிறது. அதனால் அந்தப் பெண் தன்னை மனைவி என்று காட்டி எந்த ஆவணமும் பலனும் பெறக்கூடாது என்று உறுத்துக்கட்டளையும் சேர்த்துக் கேட்பது நல்லது. இந்த மாதிரி வழக்குக்கு மூன்று வருடக் காலவரம்பு உண்டு. அதை எதிர்த்தரப்பு கட்டாயம் எழுப்பும்.

எல்லோருக்கும் இந்த வழக்கு வேண்டுமா? வேண்டாம். அவர் இறந்த பிறகு பென்ஷன், பணிக்கொடை, சொத்து விஷயத்தில் சண்டை வரும் என்று தெரிந்தால், அவர் உயிரோடு இருக்கும்போதே தீர்ப்பு வாங்கி வைப்பது புத்திசாலித்தனம். பெரிய சொத்தோ பென்ஷனோ இல்லாத குடும்பத்தில் ஜீவனாம்சத்தோடு நிறுத்திக்கொள்வதில் தவறில்லை.

விவாகரத்து கேட்பதற்கு முன் இந்தக் கணக்கைப் பாருங்கள்

கோபத்தில் முதலில் வாயில் வருவது விவாகரத்து. காரணம் உங்கள் பக்கம்தான். இந்து திருமணச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் வேறொருவரோடு உடலுறவு, கொடுமை என்ற அடிப்படைகளில் கிடைத்துவிடும். அவரோடு எந்த ஒட்டும் வேண்டாம், மறுமணம் செய்துகொள்ள வேண்டும் என்றால் தாராளமாகக் கேளுங்கள். ஆனால் விவாகரத்தோடு விதவை என்ற வாரிசுரிமை போய்விடும். அது எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒருவருக்கு முதல் மனைவி, அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். விவாகரத்து ஆகாமல் இரண்டாவதாக ஒரு பெண்ணை மணந்து அவருக்கும் ஒரு மகன். கணவரின் தாய் இறந்துவிட்டார். உயில் எழுதாமல் அவரும் இறக்கிறார். சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு 60 லட்சம் பெறும். தகப்பன் வழி பூர்வீக நிலம் 30 லட்சம்.

முதலில் வீடு. வாரிசுகள் நான்கு பேர்: முதல் மனைவி, அவருடைய இரண்டு பிள்ளைகள், இரண்டாவது பெண்ணின் மகன். ஆளுக்கு 15 லட்சம். இரண்டாவது பெண்ணுக்கு எதுவும் இல்லை. அவர் மனைவி அல்லவே. மகனுக்கு மட்டும் ஏன் என்று கேட்டால், 16ஆம் பிரிவு அப்படிப் பிறந்த பிள்ளையைச் சட்டப்படியான பிள்ளையாகவே பார்க்கிறது. பெற்றோர் சொத்தில் பங்கும் தருகிறது. தாய்தகப்பன் செய்ததற்குக் குழந்தை என்ன செய்யும்.

அடுத்து பூர்வீக நிலம். இதில் தகப்பனும் முதல் மனைவியின் மகனும் மகளும் கூட்டுப் பங்காளிகள். தென்னிந்திய வழக்கப்படி இந்தப் பிரிவினையில் மனைவிக்குத் தனிப் பங்கு இல்லை. இறப்பதற்கு முன்னால் பாகம் பிரித்ததாக வைத்துக்கொண்டால் மூவருக்கும் தலைக்கு 10 லட்சம். இரண்டாவது பெண்ணின் மகன் பங்காளி ஆகமாட்டான். ஆனால் தகப்பனின் அந்த 10 லட்சத்தில் அவனுக்கும் பங்கு உண்டு என்று 2023இல் ரேவணசித்தப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆக அந்த 10 லட்சம் மறுபடி நான்காகப் பிரியும். ஆளுக்கு இரண்டரை.

முடிவில் முதல் மனைவிக்கு 17.5 லட்சம். அவருடைய மகனுக்கும் மகளுக்கும் தலா 27.5. இரண்டாவது பெண்ணின் மகனுக்கு 17.5. கூட்டினால் 90 லட்சம்.

இப்போது அவர் உயிரோடிருக்கும்போதே முதல் மனைவி விவாகரத்து வாங்கியிருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 17.5 லட்சம் அப்படியே மறைந்துவிடும். அதனால்தான் சேர்ந்து வாழ முடியாது, ஆனால் உரிமையும் விடக்கூடாது என்பவர்களுக்கு ஜீவனாம்சமோ, 10ஆம் பிரிவில் நீதிமன்றப் பிரிந்து வாழ்தலோ போதும் என்கிறேன். அதில் மனைவி என்ற நிலை அப்படியே இருக்கும்.

ஒரு ஓட்டையையும் சொல்லிவிட வேண்டும். சொந்தச் சம்பாத்தியச் சொத்தை அவர் யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். மேலே சொன்ன வீட்டை முழுசாக இரண்டாவது பெண்ணுக்கே எழுதி வைத்தால் உங்களால் தடுக்க முடியாது. பங்கு கிடைக்காத விதவை, அந்தச் சொத்தைப் பெற்றவரிடமிருந்து ஜீவனாம்சம் கேட்கலாம் என்று 1956ஆம் வருட ஜீவனாம்சச் சட்டத்தின் 22ஆம் பிரிவு சொல்கிறது. உயிரோடு இருக்கும்போதே சார்ஜ் வாங்கச் சொன்னதன் அருமை இங்கேதான் தெரியும்.

அரசு ஊழியர் என்றால்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973-இன் 19ஆம் விதி, மனைவி இருக்கையில் இன்னொரு திருமணம் செய்வதைத் தடை செய்கிறது. மத்திய அரசு ஊழியருக்கும் இதே மாதிரி விதி உண்டு. துறைக்குப் புகார் எழுதினால் நடவடிக்கை வரும். ஆனால் அவசரப்படாதீர்கள். பணிநீக்கம் என்று போய்விட்டால் சம்பளத்தோடு பென்ஷனும் போகும். உங்கள் ஜீவனாம்சமும் பிற்காலக் குடும்ப ஓய்வூதியமும் வருவது அதே பணத்திலிருந்துதான். முதலில் ஜீவனாம்ச உத்தரவை வாங்குங்கள். அதன் நகலோடு, பணிப்பதிவேட்டில் மனைவி பெயரை மாற்ற வேண்டாம் என்று துறைக்கு எழுத்துமூலம் தெரிவியுங்கள். ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். புகார் தேவையா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.

அவர் இறந்தபின் குடும்ப ஓய்வூதியம் சட்டப்படியான மனைவிக்குத்தான். 2000இல் ராமேஸ்வரி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதுவே. இரண்டாவது பெண்ணுக்கு இல்லை, அவருடைய பிள்ளைகளுக்கு உரிய வயதுவரை உண்டு. வாரிசுச் சான்றிதழுக்குத் தாசில்தாரிடம் இருவரும் மனுப் போட்டால், அவர் பெரும்பாலும் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிடுவார். அப்போது அந்த விளம்புகைத் தீர்ப்பு கையில் இருந்தால் பல மாத அலைச்சல் மிச்சம்.

கடைசியாக இரண்டு சங்கதி

இது இந்துத் திருமணத்துக்கான கணக்கு. சிறப்புத் திருமணச் சட்டத்தில் மணந்தவர்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இரண்டாவது திருமணம் இதே போலச் செல்லாது. ஆனால் பிரிவுகள் வேறு. இஸ்லாமியச் சட்டப்படி மணந்த ஆணின் இரண்டாவது திருமணம் செல்லும். அதிலும் முதல் மனைவி தனியாக வசித்து ஜீவனாம்சம் கேட்கலாம் என்று 1987இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்துவாக மணந்தவர் மதம் மாறி இன்னொரு கல்யாணம் செய்தால் தப்பிக்கலாம் என்பது நடக்காது. 1995இல் சரளா முத்கல் வழக்கில் அந்தக் கதவு மூடப்பட்டது.

வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு இலவச சட்ட உதவிக்கு வருமான வரம்பு கிடையாது. வருமானச் சான்று கொண்டு வா என்று யாராவது சொன்னால், சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவைக் காட்டுங்கள். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். போகும்போது அந்தத் துணிப்பையை அப்படியே எடுத்துப் போங்கள். மூலப் பத்திரங்களை மட்டும் யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள். நகல் போதும்.